ஜீப் யாருக்காக நின்றது?

கம்பத்தில் பிஎச்.டி. படிக்கிறேன் என்று சொன்னால், "எப்போ முடியும்?" என்று கேட்பார்கள். என் தலைப்பைச் சொன்னால் இன்னொரு கேள்வியும் வரும். "ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற பொம்பளைகளைப் பத்தி எழுத என்னத்தா இருக்கு?"

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி அவ்வளவு பழக்கம். விடிவதற்கு முன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். சேலைக்கு மேல் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் போகும். அங்கே ஏலச்செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரங்களில் காய் பிடித்திருக்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு திரும்புவார்கள்.

நான் 11 மாதங்கள், வாரத்துக்கு மூன்று நாள், ஒரே ஜீப்பில் அவர்களோடு போய் வந்தேன். இனவரைவியல் என்றால் அதுதான்: கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வருவதில்லை, கூடவே இருந்து பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவது. முடிக்கும்போது கையில் ஆறு நோட்டுகள் இருந்தன. கைடு மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. இனி இதை மூணாவது சேப்டராக்கு" என்றார்.

'ஆக்கு' என்ற அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் எம்.என்.ஸ்ரீநிவாஸின் கதை. இந்தியச் சமூகவியலில் பெரிய பெயர். 1948-ல் மைசூர் அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். எழுத்தில் அந்த ஊருக்கு அவர் கொடுத்த பெயர் ராம்புரா. அந்தக் குறிப்புகளைப் பல வருடங்களாகப் பிரித்து, வகைப்படுத்தி, ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்தபோது, அவருடைய அலுவலறை இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேதான் இருந்தன. மூன்றும் எரிந்தன. பிறகு நினைவை நம்பி எழுதிய புத்தகம் 1976-ல் வந்தது. அதன் பெயரே 'நினைவில் நின்ற கிராமம்' என்ற பொருளில்தான் இருக்கும்.

இதை நாங்கள் வகுப்பில் படித்தபோது எல்லோரும் 'நோட்டு எரிந்துவிட்டது' என்றே புரிந்துகொண்டோம். கவனித்தால், எரிந்தது நோட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருந்த உழைப்பு. வெளியே தெரியாத வேலை அதுதான், காலம் பிடிப்பதும் அதுதான். புத்தகத்தைப் படிப்பவர்களுக்கு அப்படி ஒரு கட்டம் இருந்ததே தெரியாது.

என் நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். நோட்டு 3, பக்கம் 41. ஜீப்பில் குலுங்கிக்கொண்டே எழுதியது, இப்படி இருக்கிறது:

"5.25 முனை. 9 பேர். 1 சீட் காலி. ஹாரன் 2. டிரை: பின்னாடி அடைச்சு விடுங்க. பெரி — தூ.வாளி சீட்டுல. 'வருவா'. யாரும் போகலாம்னு சொல்லல. 5.40 வந்தா. பேசல. கிளம்புச்சு."

இது கிறுக்கல். அன்றிரவே உட்கார்ந்து இதை விரித்து எழுதியாக வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். மீதிப் பாதியை மனசு தானாகவே அழகுபடுத்திவிடும். யாரிடமாவது அந்த நாளைப் பற்றிப் பேசிவிட்டு எழுதினாலும் இதே கதைதான். பேசும்போது சொன்ன வடிவம் ஒட்டிக்கொள்ளும், பார்த்த வடிவம் நழுவிவிடும். அதனால் மலையிலிருந்து வந்த இரவுகளில் எழுதி முடிக்கும்வரை வீட்டில் நான் வாய் திறப்பதில்லை. அம்மாவுக்கு இதில் நிரந்தர வருத்தம். அன்றைக்கு விரித்து எழுதியது மூன்று பக்கம் வந்தது. டீசல் வாடை, ரேஷன் கடையில் பருப்பு வராத பேச்சு, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது, எல்லாம் அதில் உண்டு.

ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்லும் எழுதியிருந்தேன்: 'ஒற்றுமை'.

ஆறு நோட்டையும் மறுபடி படிக்கும்போது அந்தச் சொல்லை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன். 'ஒற்றுமை' என்பது நான் அந்தக் காட்சிக்கு வைத்த பெயர். அந்த ஜீப்பில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நடந்தது என்ன என்று கேட்டால், ஜீப் காத்திருந்தது. அவ்வளவுதான். ஆகவே 'காத்திருப்பு' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பச்சைப் பென்சிலால் கோடு போட்டேன். 11 இடங்கள் கிடைத்தன. ஒரு பெரிய தாளில் நாலு பத்தி பிரித்து எழுதினேன்: எந்த நாள், யாருக்காக, எத்தனை நிமிடம், கடைசியில் நின்றதா போனதா.

ஏழு முறை ஜீப் நின்றிருந்தது. நாலு முறை விட்டுவிட்டுப் போயிருந்தது.

அந்த நாலும் தனித்தனி நோட்டுகளில், வாரக்கணக்கான இடைவெளியில் இருந்தன. வரிசையாக வைத்த பிறகுதான் நாலும் ஒரே சங்கதி என்று தெரிந்தது. நோட்டு நாள் வரிசையில் இருக்கும். சேப்டர் கேள்வி வரிசையில் போக வேண்டும். நடுவில் இருக்கும் அந்தத் தாளில்தான் வரிசை மாறுகிறது.

அடுத்தது காட்சி. ஆங்கிலத்தில் விக்னெட் என்பார்கள். படிப்பவரைச் சில வரிகளில் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு சின்னத் துண்டு. சிறுகதை மாதிரி இருக்கும், ஆனால் சிறுகதைக்கு உள்ள சலுகை இதற்குக் கிடையாது. நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். இரண்டு நாள் நடந்ததை ஒரே நாளாக ஒட்டக் கூடாது. காட்சிக்குள் முன்பின் மாற்றக் கூடாது. கிறுக்கலில் சொன்னபடியே பதிந்த பேச்சுக்கு மட்டும் மேற்கோள் குறி, மற்றவை 'என்று சொன்னார்' என்ற அளவில். வெட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும். மூன்று பக்கம் இப்படிச் சுருங்கியது:

தெருமுனையில் ஜீப் நிற்கிறது. பின்பக்கம் எதிரெதிராக ஒன்பது பெண்கள். ஒரு ஆள் உட்காரும் இடம் காலி. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறார். "பின்னாடி அடைச்சு விடுங்க" என்கிறார். கதவோரம் இருக்கும் மூத்த பெண், மடியில் இருந்த தூக்குவாளியை எடுத்துக் காலி இடத்தில் வைக்கிறார். "வருவா." ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தாமல் கண்ணாடியில் பார்க்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே வந்து ஏறுகிறாள். அவளும் பேசவில்லை. தூக்குவாளி மடிக்குத் திரும்புகிறது. வண்டி நகர்கிறது.

ரேஷன் பேச்சு போய்விட்டது. டீசல் வாடையும் போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தம்தான், நன்றாக எழுதியிருந்தேன். ஆனால் கேள்வி காலி இடத்தைப் பற்றியது. வாடை அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

இதை மட்டும் சேப்டரில் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? இந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றுதானே? என் தாளில் நாலு வரி வேறு மாதிரி சொல்கிறது. ஆகவே இதன் பக்கத்தில் இன்னொரு காட்சியும் வேண்டும்:

அதே முனை, வேறொரு நாள். ஹாரன் ஒரு முறை. நாலு நிமிடம். ஜீப் கிளம்புகிறது. திரும்பும்போது, பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவருவது தெரிகிறது. உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. "நாளைக்கு வருவா" என்கிறார் ஒருவர். அன்று தூக்குவாளியை வைத்த மூத்த பெண் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் கைடு சொன்னார், "இப்பத்தாம்மா கேள்வி வருது."

கேள்விக்குப் பதில் தேடும் இடம் மெமோ. அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மெமோ என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆய்வில் அது யாருக்கும் அனுப்பாத காகிதம். ஆய்வாளர் தனக்குத் தானே எழுதிக்கொள்வது. இங்கே ஊகிக்கலாம், தடுமாறலாம், இருப்பதைவிடப் பெரிதாகச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் காட்சிக்குள் மெமோ நுழையக் கூடாது. 'தோழியை விட்டுக்கொடுக்காத மூத்த பெண்' என்று காட்சியில் எழுதிவிட்டால் ஆராய ஒன்றும் மிச்சமில்லை, முடிவை முதலிலேயே ஊட்டியாகிவிட்டது. பெயரடைகளை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் இது சுலபமாகப் பிடிபடும். எடுத்த பிறகும் காட்சி நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் அங்கே காட்சியே இல்லை, அபிப்பிராயம்தான் இருந்தது.

மெமோவுக்குத் தலைப்பாக 'காத்திருப்பு' என்று வைத்தால் அது அலமாரிக்கு ஒட்டும் சீட்டு. கேள்வியாக வைத்தால் வேலை செய்யும். என் மெமோ இது, சுருக்கித் தருகிறேன்:

"ஜீப் யாருக்காகக் காத்திருக்கிறது? நின்ற ஏழில் ஆறு பேர் ஓட்டுநரிடம் முன்பணம் வாங்கியவர்கள் (நோட்டு 2, 4, 5). விட்டுப்போன நாலு பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. வாங்கியவர் ஒரு நாள் வராவிட்டால் அவருக்குக் கழிக்க வேண்டிய பணம் ஒரு நாள் தள்ளிப்போகிறது. ஆகவே காத்திருப்பது கடனின் காத்திருப்பு. ஆனால் ஏழாவது ஆள், 3/41, முன்பணம் வாங்காதவர். ஓட்டுநர் கிளம்பத்தான் பார்த்தார். நிறுத்தியது தூக்குவாளி. கடன் இதை விளக்காது. 'ஒற்றுமை' என்றால், மற்ற நாலு நாள் அந்த ஒற்றுமை எங்கே போனது? பெரியம்மாவிடம் கேட்க வேண்டும். 'ஏன்' என்று கேட்காமல், அன்றைக்கு அவர் வராமல் போயிருந்தால் மலையில் என்ன நடந்திருக்கும் என்று கேட்க வேண்டும்."

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. 'ஏன் அப்படிச் செஞ்சீங்க' என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் நல்ல பதிலாகத்தான் சொல்வார்கள். "பாவம், நம்ம புள்ளதான" என்று முடிந்துவிடும். நடக்காத ஒன்றைக் கேட்டால் கணக்கு வெளியே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்சியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா, அன்னைக்கு அப்படித்தான்" என்றார். பிறகு கேட்டேன், அவ அன்னைக்கு வராட்டி என்ன ஆகியிருக்கும் பெரியம்மா?

"என்ன ஆகும்? கங்காணி எம் பக்கத்து நெரைக்குப் புதுசா ஒரு ஆளப் போடுவாரு. அது பின்தங்குச்சுன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தேன் ஏசுவாரு. அவளும் நானும்னா ஒரே கை பாத்துக்க."

ஒரே கை. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் காய் எடுப்பவர்கள் என்பதுதான் பொருள். அந்தச் சொல் கிடைத்ததும் தாளை மறுபடி எடுத்தேன். விட்டுப்போன நாலு நாளில் வராதவர்கள் யார் பக்கத்து நிரை? நோட்டில் மூன்று பேருக்குத்தான் அந்த விவரம் இருந்தது. மூவருமே பெரியம்மாவின் ஜோடி இல்லை. ஒருவர் வேலைக்குப் புதிது, அவருக்கு ஜோடியே அமையவில்லை. மெமோவின் கீழே புதுத் தேதி போட்டு எழுதினேன்: அந்தக் காலி இடத்தின் மேல் இரண்டு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒன்று ஓட்டுநருடையது, இன்னொன்று நிரையுடையது. பழைய பத்தியை அழிக்கவில்லை. மெமோவில் எதையும் அழிக்காமல் கீழே கீழே எழுதிப் போனால், எந்த ஆதாரத்துக்காக எண்ணம் மாறியது என்பது பின்னால் தெரியும். வைவாவில் கேட்பார்கள்.

'ஒரே கை' என்பதையே சேப்டரில் அந்தப் பகுதிக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். இதற்கு எங்கள் பள்ளத்தாக்கிலேயே முன்னோடி உண்டு. மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி, கள்ளர் சமூகத்து விவசாயிகளோடு பழகி எழுதிய புத்தகம் 2009-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஊரில் புழங்கும் சொலவடைகளைப் பிடித்துக்கொண்டே அவர் தன் வாதத்துக்குள் போகிறார். வெளியிலிருந்து கொண்டுவந்த சொல் எல்லா ஊருக்கும் பொருந்திவிடும். ஜீப்பில் கேட்ட சொல் அந்த ஜீப்பைத்தான் விளக்கும். எனக்கு அது போதும்.

இப்போது என்னைத் தூங்கவிடாத பக்கத்துக்கு வருகிறேன். நோட்டு 5-ல் இருக்கிறது.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், அந்த ஜீப்பில் வரும் ஒருவர் தன் முன்பண விவரத்தை முழுக்கச் சொன்னார். எங்கே, எவ்வளவு, எதற்கு, யாருக்குத் தெரியாமல். என் சேப்டருக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. முன்பணம் ஒரு ஆளின் ஒவ்வொரு காலையையும் எப்படிப் பங்கு போடுகிறது என்பது அந்தப் பேச்சில் அப்படியே இருந்தது. பதினைந்து வரியில் எழுதிப் பார்த்தேன். எழுதியதில் அதுதான் சிறந்தது.

"எழுதிக்கலாமாக்கா?" என்று அன்றே கேட்டிருந்தேன். "எழுதிக்க தாயி. ஆனா நான்னு தெரியக் கூடாது" என்றார்.

பெயரை மாற்றலாம், மாற்றித்தான் இருக்கிறேன், எல்லோருக்கும். தெருவை எடுத்துவிட்டேன். வண்டியின் நிறம், தோட்டத்தின் பெயர், யாருக்கு எத்தனை பிள்ளை என்பதெல்லாம் போய்விட்டது. இவற்றை எடுத்தால் வாதத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் வாதமே அந்த விவரம்தான். எத்தனை இடத்தில் வாங்கினார், எதற்காக என்பதை மாற்றினால் காட்சி பொய். மாற்றாவிட்டால், அந்த வண்டியில் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். ஓட்டுநருக்கும் தெரியும். தெரிந்தால் மறுநாள் ஜீப் நிற்காது.

"தீசிஸை யாரு படிக்கப்போறா?" என்று தோழி கேட்டாள். ஒரு காலத்தில் அது சரி. தீசிஸ் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். இப்போது பிஎச்.டி. தீசிஸ்கள் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அந்த ஜீப்பில் வரும் பெண்களின் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். என் பெயரைத் தட்டினால் அந்தப் பிள்ளைகளின் கைபேசியிலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் ஊருக்குத் தெரியாது என்ற நினைப்பு இந்தத் தலைமுறையோடு முடிந்தது.

அவரிடம் மறுபடி போனேன். எழுதிய பதினைந்து வரியையும் வாசித்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "நல்லாத்தேன் இருக்கு. நான் சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் போதுமானதாக இருந்தது. காட்சியை எடுத்துவிட்டேன்.

கைடுக்கு முதலில் ஒப்புதல் இல்லை. "ஆறு பேருக்கு நின்னுச்சு, நாலு பேருக்கு நிக்கலன்னு எண்ணிக்கை கொடுக்கிற. அந்தக் கடன் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு காட்டவே இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் சேப்டர் மெலிந்துதான் இருக்கிறது. அங்கே இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: முன்பணம் குறித்து என்னிடம் சொல்லப்பட்ட சில விவரங்கள், சொன்னவர்களை அடையாளம் காட்டிவிடும் என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை, அவை இல்லாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவே சொல்லியிருக்கிறேன். கைடு அந்த இரண்டு வரியைப் பென்சிலால் வட்டம் போட்டார், பிறகு வட்டத்தை ரப்பரால் அழித்தார்.

மூன்றாவது சேப்டர் இப்போது 34 பக்கம். அதில் காட்சிகள் ஐந்து, எல்லாம் சேர்த்து மூன்று பக்கம்கூட வராது. மெமோவிலிருந்து வந்தவைதான் மீதி, அடித்துத் திருத்தி, ஊகங்களைக் கழித்து. நோட்டு 5-ன் அந்தப் பக்கத்தைப் பற்றிய மெமோ மட்டும் தனி உறையில் வீட்டில் இருக்கிறது.

தாளில் பதில் கிடைக்காத ஒரு வரி இன்னும் உண்டு. விட்டுப்போன நாலாவது ஆளின் நிரை விவரம் என் நோட்டில் இல்லை. அந்தக் குடும்பம் இப்போது ஊரிலும் இல்லை, திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மெமோவில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சேப்டரில் 'மூவர்' என்றே எழுதியிருக்கிறேன்.